ஸ்கூல் கிரவுண்டை டேப் வச்சு அளந்து ஸ்கேலுக்கு வரையுற வொர்க்ஷீட்: நாலு குரூப், நாலு ஷேப் வந்துருக்கு, எங்க தப்பு?

கடலூர்_கணக்கு
எல்லாருக்கும் வணக்கம். எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு ஒரு வொர்க்ஷீட் நானே தயார் பண்ணேன். கிரவுண்டை டேப்ல அளந்துட்டு வந்து 1 செ.மீ = 5 மீட்டர்னு வச்சு பேப்பர்ல வரையணும், அப்புறம் பரப்பளவு கண்டுபிடிக்கணும், அவ்ளோதான். மூலைக்கு ஏபிசிடி வச்சா பசங்க குழப்பிக்கிறாங்கன்னு அங்க இருக்குற பொருளையே பேரா வச்சுட்டேன், கேட், டேங்க், வேம்பு, மேடை. நாலு பக்கமும் அளந்தாச்சு: கேட்-டேங்க் 52.8, டேங்க்-வேம்பு 37.2, வேம்பு-மேடை 56.4, மேடை-கேட் 38.2. எல்லாம் மீட்டர்.

கிளாஸுக்கு வந்து வரைஞ்சா ஒரு குரூப்புக்கு ஒரு ஷேப் வருது. ஒண்ணு பட்டம் மாதிரி நெளிஞ்சு நிக்குது, ஒண்ணு கிட்டத்தட்ட செவ்வகம், ஒண்ணு ரெண்டுக்கும் நடுவுல. எல்லாத்துலயும் நாலு பக்கமும் ஸ்கேல் வச்சு பாத்தா கரெக்டா இருக்கு! ஒரு பையன் எழுந்து "மிஸ் எல்லாருமே ரைட்டா?"ன்னு கேட்டுட்டான், எனக்கு அந்த நிமிஷம் பதில் வரல. செவ்வகம் மாதிரி போட்ட குரூப்தான் நீட்டா இருந்துச்சு, கேட் மூலையில செட்ஸ்கொயர் வச்சு 90 டிகிரி போட்டுட்டு மிச்சத்தை காம்பஸ்ல மூடிருக்காங்க. அவங்களுக்கு வந்த பரப்பு 2054 சதுர மீட்டர். அதை ரைட்னு வச்சுக்கலாமா?

பாகூர்_வாத்தியார்
டீச்சர் இதுக்கு ஏன் இவ்ளோ சிரமம், எங்க ஊர்ல காலங்காலமா செய்யுறது ஒண்ணு இருக்கு. எதிர் எதிர் பக்கத்தை கூட்டி ரெண்டால வகுங்க, ரெண்டு சராசரியையும் பெருக்குங்க, முடிஞ்சுது. 52.8-ம் 56.4-ம் சேத்து பாதி 54.6, இன்னொரு ஜோடி 37.7, பெருக்குனா 2058 வருது. உங்க செவ்வக குரூப்புக்கு 2054, எனக்கு 2058, ரெண்டும் ஒத்துப்போகுது பாருங்க. அந்த குரூப்புக்கே மார்க் குடுங்க.

சிவில்_செகண்டியர்
மேப்ல கிரவுண்டு மூலையெல்லாம் டச் பண்ணா ஏரியாவே வந்துடுமே, டேப் எதுக்கு 😄

கடலூர்_கணக்கு
தம்பி, வேப்பமரம் கிளை மூலையையே மூடிருக்கு, மேல இருந்து பாத்தா பச்சைதான் தெரியுது. அதோட பசங்க கையால வரையணும்கறதுதானே விஷயம். பாகூர் சார், ரெண்டும் ஒத்துப்போறது எனக்கும் ஆச்சரியமா இருக்கு. HM ரூம்ல இருக்குற பழைய ஃபைல்லயும் கிரவுண்டு 51 சென்ட்னு எழுதிருக்கு. 2058-ஐ 40.47-ல வகுத்தா 50.9 வருது. அப்ப அதானோ?

சங்கிலி_தாத்தா
அம்மா, நான் சர்வேயரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். அவசரப்பட்டு மார்க் போட்டுடாதீங்க. நாலு குச்சியை ஆணி அடிச்சு ஒரு சட்டமா கட்டி கையில பிடிங்க. அமுக்குனா சாயும். குச்சி நீளம் எதுவும் மாறல, ஆனா உள்ள இருக்குற இடம் குறையும், கூடும். உங்க நாலு குரூப்பும் அந்த சட்டத்தைத்தான் ஆளுக்கு ஒரு அளவுக்கு சாய்ச்சு வரைஞ்சிருக்காங்க. அதனால பக்கத்தை வச்சு யார் ரைட்னு சொல்லவே முடியாது. அந்த பையனுக்கு பதில் "எல்லாரும் ரைட்டு இல்ல, எல்லாருக்கும் ஒரு அளவு குறையுது"ங்கறதுதான்.

அந்த சட்டத்துக்கு குறுக்க ஒரு குச்சி அடிச்சுட்டா அசையாது. அதான் குறுக்கு அளவு. நாளைக்கு காலைல வெயில் ஏறுறதுக்குள்ள பசங்களை விட்டு கேட் மூலையில இருந்து வேம்பு மூலைக்கு ஒண்ணு, டேங்க்ல இருந்து மேடைக்கு ஒண்ணு, ரெண்டு குறுக்கும் அளக்க சொல்லுங்க. முதல் குறுக்கு வரையுறதுக்கு, ரெண்டாவது செக் பண்ணுறதுக்கு.

பாகூர் தம்பி சொல்ற சராசரி கணக்கு ஊர்ல உண்டு, பொய் இல்ல. செவ்வகமா இருந்தா சரியா வரும், சாய்ஞ்சா எப்பவும் கூடுதலாத்தான் காட்டும், ஒரு நாளும் குறைச்சு காட்டாது. விக்கிறவனுக்கு நல்ல கணக்கு. அதுவும் அந்த குரூப்பும் ஒத்துப்போறதுல அதிசயம் ஒண்ணும் இல்ல, ரெண்டு பேருமே மனசுக்குள்ள செவ்வகம்னு வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிச்சீங்க.

வில்லியனூர்_மனை
ஐயா வணக்கம். எங்க மனை பத்திரத்துல ஒரு அளவு இருக்கு, நேர்ல அளந்தா ஒரு அளவு வருது. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு உள்ள தள்ளி வச்சிருக்காரோன்னு சந்தேகம். இந்த வொர்க்ஷீட்ல எந்த கட்டத்துல போடணும்?

சங்கிலி_தாத்தா
தம்பி இது பிள்ளைங்க கணக்கு. எல்லைத் தகராறுக்கு மனு குடுத்து சர்வேயரை வரவழைக்கணும், இதை தூக்கிட்டு போய் பக்கத்து வீட்ல நிக்காதீங்க.

கடலூர்_கணக்கு
ஐயா அளந்துட்டோம். கேட்-வேம்பு 78.0, டேங்க்-மேடை 52.0. ஆனா பிரச்சனை தீரல, புதுசா ஒண்ணு கிளம்பிருச்சு.

நீங்க சொன்ன மாதிரி முதல்ல கேட்-வேம்பு கோட்டை 15.6 செ.மீ. போட்டோம். அதுக்கு ஒரு பக்கம் டேங்க் முக்கோணம், இன்னொரு பக்கம் மேடை முக்கோணம், காம்பஸ்ல வெட்டி எடுத்தோம். பக்க அளவும் இன்னொரு தடவை எடுக்கட்டும்னு விட்டிருந்தேன், ஒரு கோட்டுக்கு ஒரு குரூப், வந்ததை போர்டுல எழுதி எல்லாரும் அதையே வரைஞ்சாங்க. இந்த தடவை எல்லாருக்கும் ஒரே ஷேப், ரொம்ப சந்தோஷம். அப்புறம் டேங்க்-மேடை பேப்பர்ல அளந்தா 10.4 வரணும், எல்லாருக்கும் 10.8 வருது! நாலு மில்லிமீட்டர்னா தரையில ரெண்டு மீட்டர். பென்சில் தடிமன்னு சொல்லி தள்ளிடலாமான்னு பாத்தேன், மனசு கேக்கல.

சிவில்_செகண்டியர்
மேம் நீங்க லைன் நேரா பிடிச்சிருக்க மாட்டீங்க. 78 மீட்டர்னா 30 மீட்டர் டேப்பை மூணு தடவை போடணும், நடுவுல பசங்க வளைச்சு போயிருப்பாங்க, அதான் கூடிருக்கும். ரேஞ்சிங் ராடு வச்சு நேர் பாக்கணும். எங்களுக்கு ஃபர்ஸ்ட் பிராக்டிகலே அதான்.

சங்கிலி_தாத்தா
நேர் பாக்கணும்கறது சரி தம்பி, ஆனா ரெண்டு மீட்டர் அதனால வராது. கணக்கு போட்டு பாரு. 78 மீட்டர் கோட்டுல 30-வது மீட்டர் முளை அரை மீட்டர் விலகி நின்னாலும் மொத்தத்துல கூடுறது 7 மில்லிமீட்டர்தான். முளை ரெண்டு மீட்டர் விலகுனாத்தான் 11 சென்டிமீட்டர் கூடும், ரெண்டு மீட்டர் விலகுனது கண்ணுக்கே தெரியும். கடல் காத்துல டேப் பக்கவாட்டுல வயிறு தள்ளுறதும் அதே மாதிரிதான், 30 மீட்டருக்கு நடுவுல அரை மீட்டர் வளைஞ்சா ரெண்டு சென்டிமீட்டர் போகும். கண்ணுக்கு பெருசா தெரியுறதெல்லாம் கணக்குல சின்னது.

பெரிய தப்பு எப்பவும் எண்ணுறதுல வரும், இல்ல டேப்போட தலைப்புல வரும். டீச்சரம்மா, ரெண்டு விஷயம் சொல்லுங்க. எத்தன டேப்? அதோட நுனி எப்படி இருக்கு?

கடலூர்_கணக்கு
ரெண்டு டேப் ஐயா, ரெண்டும் 30 மீட்டர் ஃபைபர் டேப். ஒண்ணு புதுசு. இன்னொண்ணு ஸ்போர்ட்ஸ் ரூம்ல இருந்தது, நீளந்தாண்டுதலுக்கு அளந்து அளந்து நுனி கிழிஞ்சு போச்சு, வளையமும் இல்ல. அதனால "1 மீட்டர் கோட்டுல இருந்து ஆரம்பிங்க, கடைசில கழிச்சுக்கோங்க"ன்னு சொல்லி கேட்-டேங்க் குரூப்புக்கு மட்டும் குடுத்தேன், மத்த எல்லாரும் புது டேப்தான். போன வாரம் நாலு பக்கமும் புது டேப்லதான் எடுத்தோம். அந்த குரூப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அளந்து ரெண்டும் 54.8-னு எழுதிருக்காங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கேன்னு நான் நோட்டை மூடிட்டேன்.

சங்கிலி_தாத்தா
அங்கதான் இருக்கு! போன வாரம் 52.8, இந்த வாரம் 54.8. சரியா ரெண்டு மீட்டர்.

1-ல இருந்து ஆரம்பிச்சா ஒரு டேப்பு போட்டது 29 மீட்டர்தான், 30 இல்ல. முதல் போடு 29, ரெண்டாவது போடுல டேப் 24.8 காட்டிருக்கும், அதுலயும் ஒண்ணு போகணும், 23.8. கூட்டுனா 52.8. பிள்ளைங்க 30-ம் 24.8-ம் கூட்டி 54.8-னு எழுதிருக்காங்க. நீங்க "கடைசில கழிச்சுக்கோங்க"ன்னு சொன்னதும் ஒரு வகைல தப்பு, கோவிச்சுக்காதீங்க. ஒவ்வொரு போடுக்கும் கழிக்கணும். அவங்க கடைசில ஒண்ணு கழிச்சிருந்தாலும் 53.8-தான் வந்திருக்கும்.

போக வர அளவு ஒத்துப்போனா டேப்பை ஒழுங்கா படிச்சாங்கன்னு மட்டும்தான் அர்த்தம். ஒரே தப்பை போகும்போதும் வரும்போதும் பண்ணா அதுவும் அழகா ஒத்துப்போகும். அதை காட்டிக்குடுத்தது ரெண்டாவது குறுக்குதான்.

பாகூர்_வாத்தியார்
ஆஹா. அப்ப மொத்த கிளாஸும் அந்த கிழிஞ்ச டேப்லயே அளந்திருந்தா?

சங்கிலி_தாத்தா
நல்ல கேள்வி தம்பி. அப்ப பக்கம் எல்லாம் ரெண்டு ரெண்டு மீட்டர் கூடும், பெரிய குறுக்கு மூணு போடு, அது 81 ஆகும். அதை வச்சு வரைஞ்சா டேங்க்-மேடை 54.6 வரும், அளந்து வச்சதும் 54.0-னு இருக்கும். பேப்பர்ல ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம், எல்லாரும் கைதட்டிட்டு போயிடுவீங்க. பரப்பு மட்டும் 180 சதுர மீட்டருக்கு மேல கூடிப்போயிருக்கும். ரெண்டாவது குறுக்கு ஒரு கோட்டுல வந்த தப்பை பிடிக்கும், எல்லாருக்கும் பொதுவான தப்பை பிடிக்காது. அதுக்கு டேப்பைத்தான் பாக்கணும், காலைல வெளிய எடுத்துட்டு போறதுக்கு முன்னாடி ஒரு மீட்டர் ஸ்கேலை பக்கத்துல வச்சு பாருங்க, ரெண்டு டேப்பையும் தரையில பக்கத்து பக்கத்துல விரிச்சும் பாருங்க. டேப்போட பின்பக்கம் அடிக்கணக்குல இருக்கும், அந்த பக்கத்தை திருப்பி படிக்காம பாத்துக்கோங்க. வளையம் இருக்குற டேப்புல சைபர் வளையத்தோட வெளி ஓரத்துல இருக்கா, இல்ல உள்ள தள்ளி இருக்கான்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதையும் பசங்களையே கண்டுபிடிக்க சொல்லுங்க.

முத்தியால்பேட்டை_மிஸ்
எங்க ஸ்கூல்ல குறுக்க அளக்கவே முடியாது, நடுவுல கட்டிடம் நிக்குது, சுத்தி இருக்குறதுதான் கிரவுண்டு. நான் வருஷா வருஷம் சுத்தளவு மட்டும் எடுத்துட்டு விட்டுடுவேன். மூலையில 3-4-5 வச்சு பாத்தா போதாதா?

சிவில்_செகண்டியர்
3-4-5 மூலை 90 டிகிரியா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும் மிஸ். இல்லன்னா எவ்ளோன்னு சொல்லாது.

சங்கிலி_தாத்தா
தம்பி சொன்னது சரி. அதுக்கு பதிலா மூலையில இருந்து ரெண்டு சுவர் வழியாவும் 10 மீட்டர் போய் முளை அடிங்க, முளைக்கு முளை அளங்க. அந்த சின்ன முக்கோணத்தை பேப்பர்ல வரைஞ்சா மூலையோட சாய்வு வந்துடும், அப்புறம் பக்கத்தை நீட்டிக்கலாம். கடலூர் கிரவுண்டு கேட் மூலைக்கு இப்படி செஞ்சா 11.1 மீட்டர் வரணும், செங்கோணமா இருந்தா 14.1 வரும். எவ்ளோ சாய்ஞ்சிருக்குன்னு இதுலயே தெரியும். ஆனா 10 மீட்டருல 10 சென்டிமீட்டர் பிசகுனா 50 மீட்டர் தள்ளி அறுபது சென்டிமீட்டருக்கு மேல ஆயிடும். 5 மீட்டர்ல செஞ்சா அதுக்கும் டபுள். குறுக்கு அளக்க வழி இருக்குற இடத்துல இதை செய்யாதீங்க.

கடலூர்_கணக்கு
ஐயா கேட்-டேங்க் திரும்ப அளந்தாச்சு, புது டேப்ல 52.8. வரைஞ்சதுல டேங்க்-மேடை மூணு குரூப்புக்கு 10.4, ஒரு குரூப்புக்கு 10.3. காம்பஸ் கொஞ்சம் லூஸு, விட்டுட்டேன்.

பரப்புக்கு ஹெரான் ஃபார்முலா வேணாம்னு நெனச்சு, படத்துலயே பெரிய குறுக்குக்கு செட்ஸ்கொயர் வச்சு செங்குத்து போட சொன்னேன். டேங்க்ல இருந்து 4.4, மேடையில இருந்து 5.2. கூட்டி 15.6-ஆல பெருக்கி பாதி எடுத்தா 74.9 சதுர செ.மீ. இங்க பாதி கிளாஸ் 5-ஆல பெருக்கி 374 சதுர மீட்டர்னு எழுதிட்டாங்க. நம்ம கிரவுண்டு இவ்ளோதானாடான்னு கேட்டேன், ஒருத்தி மட்டும் "மிஸ் ஒரு கட்டம் அஞ்சுக்கு அஞ்சு, அப்ப 25"னு சொல்லி போர்டுல வரைஞ்சு காட்டுனா. 1872 சதுர மீட்டர். சென்ட் கணக்குல 46.3.

அப்ப ஃபைல்ல 51 எப்படி வந்துச்சு? HM "நம்ம அஞ்சு சென்ட் எங்க போச்சு"ன்னு காம்பவுண்டு பக்கம் போய் நிக்குறார் 😅

பாகூர்_வாத்தியார்
என் சராசரி கணக்குல அப்பவே யாரோ போட்டிருப்பாங்க போல. சரி ஒத்துக்குறேன்.

சங்கிலி_தாத்தா
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காம்பவுண்டு கட்டும்போது ரோட்டுக்குன்னு விட்ட இடமும் சேந்து 51-ஆ இருக்கலாம். புலப்படம் எடுத்து பாத்தாத்தான் தெரியும், சர்வே நம்பர் இருந்தா ஆன்லைன்லயே வரும். அதுல உள்ள குறுக்க புள்ளிக்கோடா போறது நீங்க அளந்த கேட்-வேம்பு மாதிரிதான், நாங்க ஜி-லைன்னு சொல்லுவோம். பழைய படமா இருந்தா அளவு மீட்டர்ல இருக்காது, லிங்க்ஸ்ல இருக்கும். 66 அடி சங்கிலியில 100 லிங்க், ஒண்ணு கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர். அதை பசங்களை விட்டு மாத்த சொல்லுங்க, நல்ல வேலை.

வொர்க்ஷீட்டுக்கு ஒண்ணு சொல்றேன். டேங்க்-மேடை அளவை டேபிள்ல போடாதீங்க. தெரிஞ்சுட்டா பிள்ளைங்க காம்பஸை அசைச்சு 10.4 வர வச்சுடுவாங்க, நாங்களே சின்ன வயசுல ஆபீஸ்ல பண்ணிருக்கோம். அந்த கோட்டை வேற குரூப் அளக்கட்டும், சீட்டுல எழுதி உங்ககிட்ட குடுக்கட்டும், வரைஞ்சு முடிச்சப்புறம் பிரிங்க.

முத்தியால்பேட்டை_மிஸ்
இது எனக்கு புடிக்கல ஐயா. பசங்ககிட்ட மறைச்சா பரீட்சை மாதிரி ஆயிடும், பயந்துடுவாங்க. தெரிஞ்சே வரையட்டும், வரலன்னா ஏன்னு தேடட்டும்.

கடலூர்_கணக்கு
நான் ரெண்டும் பண்ணி பாக்குறேன், பி செக்ஷனுக்கு சீட்டு, ஏ செக்ஷனுக்கு ஓப்பன். டேபிள்ல "போகும்போது, வரும்போது"க்கு பக்கத்துல "எத்தன போடு", "டேப் எங்க ஆரம்பிச்சுது"ன்னு ரெண்டு காலம் சேத்துட்டேன். 10 சென்டிமீட்டருக்கு ரவுண்டு பண்ணிக்கலாம்னும் போட்டுட்டேன், இந்த ஸ்கேல்ல பென்சில் கோடே அரை மில்லிமீட்டர்னா தரையில 25 சென்டிமீட்டர் ஆகுது, அதுக்கு மேல மில்லிமீட்டர் எழுதி என்ன பிரயோஜனம். 1 செ.மீ = 4 மீட்டர்னு வச்சா படம் இன்னும் பெருசா தெளிவா வரும், ஆனா வேம்பு-மேடைக்கு 14.1 செ.மீ. விரிக்கணும், டப்பா காம்பஸ் அவ்ளோ விரியாது.

சிவில்_செகண்டியர்
கல்யாண பத்திரிகை அட்டையில நீளமா ஒரு துண்டு வெட்டி 14.1-ல ரெண்டு ஓட்டை போடுங்க மேம், ஒண்ணுல குண்டூசி, ஒண்ணுல பென்சில். காம்பஸை விட ஆடாம நிக்கும்.

கடலூர்_கணக்கு
அட இது நல்லா இருக்கே தம்பி. வீட்ல பத்திரிகை ஒரு கட்டு கிடக்கு. அப்புறம் இன்னொண்ணு, டேங்க்-வேம்பு பக்கம் சுவர் நேரா இல்ல, நடுவுல வெளிய வயிறு தள்ளிருக்கு, வாய்க்கால் ஓரமா கட்டுனதால. அதை நாங்க நேர்கோடாத்தான் எடுத்துருக்கோம்.

சங்கிலி_தாத்தா
அந்த கோட்டுலயே டேப்பை விரிச்சு வச்சுட்டு 5 மீட்டருக்கு ஒரு தடவை சுவர் எவ்ளோ தள்ளி இருக்குன்னு இன்னொரு டேப்ல செங்குத்தா எடுங்க, பேப்பர்ல அதே மாதிரி புள்ளி வச்சு சேருங்க. HM தேடுற அஞ்சு சென்ட்ல கொஞ்சம் அங்கயும் இருக்கும். வயிறு நடுவுல எவ்ளோ தள்ளிருக்கு?

கடலூர்_கணக்கு
கண்ணால பாத்தா ஒரு ஒன்றரை மீட்டர் இருக்கும். திங்கக்கிழமை அளந்து போடுறேன் ஐயா.

வில்லியனூர்_மனை
ஐயா இதை எல்லாம் படிச்சுட்டு எங்க மனையை குறுக்க அளந்தேன். ரெண்டு குறுக்கும் ஒண்ணா இல்ல, ஒண்ணேகால் அடி வித்தியாசம் வருது. அப்ப காம்பவுண்டு தள்ளிருக்குன்னுதானே அர்த்தம்?

சங்கிலி_தாத்தா
மனை சாய்ஞ்சிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம் தம்பி. பத்திரத்துல குறுக்கு அளவு போட்டிருக்கா?

வில்லியனூர்_மனை
நாலு பக்கம் மட்டும்தான் போட்டிருக்கு.